எட்டா பத்தா? அதற்கு முன் தரையைப் பாருங்கள்

குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு போட வேண்டும் என்று கடைக்குப் போனால், அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எட்டு எம்.எம்.மா, பத்து எம்.எம்.மா சார்?" அடுத்தது, "ஃபிரேம் வைத்ததா, ஃபிரேம் இல்லாததா?" இரண்டுக்கும் பதில் சொன்னதும் விலை வந்துவிடும். தண்ணீர் வெளியே வராமல் இருக்குமா என்று நாம் கேட்டால், "சீல் போட்டுடுவோம் சார், ஒரு சொட்டு வராது" என்பார்கள். ஆறு மாதம் கழித்து, கண்ணாடிக்கு வெளியே மிதியடி நனைந்து கிடக்கும்.

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். கட்டடத்துக்கு நாற்பது வயது. குளியலறையின் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்கிறார். கடைகளில் கேட்ட விலைப்பட்டியல்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "தம்பி, ஒருத்தர் எட்டுங்கிறார், ஒருத்தர் பத்துங்கிறார், இன்னொருத்தர் பன்னிரண்டுக்குக் குறைஞ்சா பாதுகாப்பில்லைங்கிறார். யாரை நம்பறது?" என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அடுப்பில் இன்னொரு முறை பால் வைக்க வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: கண்ணாடியின் தடிமன், எடையையும் ஆட்டத்தையும் பொறுத்தது. ஃபிரேம் வேண்டுமா வேண்டாமா என்பது சுவரைப் பொறுத்தது. தண்ணீர் வெளியே வருமா வராதா என்பது பெரும்பாலும் தரையைப் பொறுத்தது. கடைக்காரர் விற்பது முதல் இரண்டைத்தான். மூன்றாவது, அவர் வருவதற்கு முன்பே கொத்தனார் கையில் முடிந்துபோகிறது.

டீச்சரின் குளியலறை ஐந்தடி அகலம், எட்டடி நீளம். கதவைத் திறந்ததும் வாஷ்பேசின், அடுத்து வெஸ்டர்ன் டாய்லெட், கோடியில் மூன்றடி குளிக்கிற இடம். அந்த மூன்றடிக்கு முன்னால் குறுக்கே கண்ணாடி வர வேண்டும். ஐந்தடியில் 900 மில்லிமீட்டர் அசையாத கண்ணாடி, 600 மில்லிமீட்டர் கதவு. உயரம் 2 மீட்டர். கூரை வரை கொண்டுபோகத் தேவையில்லை. மேலே இடைவெளி இருந்தால்தான் நீராவி வெளியேறும், சுவரில் பூஞ்சை பிடிக்காது.

முதலில் எடை. கண்ணாடிக்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. டீச்சரின் கதவு 1.2 சதுர மீட்டர். எட்டு எம்.எம். போட்டால் 24 கிலோ, பத்து போட்டால் 30, பன்னிரண்டு போட்டால் 36. எட்டு எம்.எம். கதவே கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டை. அது இரண்டு கீல்களில், ஒரு பக்கமாகத் தொங்குகிறது. பன்னிரண்டு எம்.எம். என்றால் அந்த மூட்டையோடு இன்னும் பன்னிரண்டு கிலோவைக் கட்டிவிட்டதாக அர்த்தம். கடைக்காரர் அதைப் 'பாதுகாப்பு' என்கிறார். கீலுக்கும் சுவருக்கும் அது கூடுதல் சுமை.

அப்படியானால் தடிமனால் என்ன லாபம்? ஆட்டம் குறைகிறது. கண்ணாடியின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதனால் எட்டிலிருந்து பத்துக்குப் போனால் இரண்டு எம்.எம்.தான் கூடுகிறது என்று தோன்றினாலும், விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. கையால் தள்ளினால் பத்து எம்.எம். கண்ணாடி எட்டில் பாதிதான் வளையும். இது உண்மையான லாபம். ஆனால் அதே லாபத்தை வேறு வழியிலும் பெறலாம். அசையாத கண்ணாடியின் ஒரு பக்கம் சுவரைப் பிடித்திருக்கிறது, அடிப்பக்கம் தரையைப் பிடித்திருக்கிறது. ஆடுவது, கதவுப் பக்கம் உள்ள மேல்மூலை மட்டும்தான். அந்த மூலையிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஒரு ஸ்டீல் தண்டு கொடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தண்டு இல்லாத பத்தைவிடத் தண்டு உள்ள எட்டு உறுதியாக நிற்கும்.

ஆகவே பொதுவான வழக்கம் இப்படி அமைந்திருக்கிறது. நாலாபுறமும் அலுமினியச் சட்டம் இருந்தால் ஆறு எம்.எம். போதும். சில பக்கங்களில் மட்டும் சட்டமோ தண்டோ இருந்தால் எட்டு. சட்டமே இல்லாமல், தண்டும் இல்லாமல், கிளாம்பிலும் கீலிலும் மட்டுமே நிற்க வேண்டும் என்றால் பத்து. பன்னிரண்டு, வழக்கத்தைவிட உயரமான, அகலமான கண்ணாடிகளுக்கு. ஐந்தடிக் குளியலறையில் அதற்கு வேலையில்லை.

"அப்போ உடைஞ்சா? தடிமனா இருந்தா உடையாதுதானே?" என்று டீச்சர் கேட்டார். இதில்தான் பலருக்கும் குழப்பம். பாதுகாப்பு, தடிமனில் இல்லை; கண்ணாடி பதப்படுத்தப்பட்டதா என்பதில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பிறகு சுருங்கும். உள்ளே சுருங்குவது மேற்பரப்பை எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தால்தான் டஃபன்டு கிளாஸ் சாதாரணக் கண்ணாடியைப் போல் நான்கைந்து மடங்கு தாங்குகிறது. உடைந்தாலும் கத்திபோல் நீளமாகப் பிளக்காமல் சிறு சிறு துண்டுகளாக உதிர்கிறது. பதப்படுத்தாத பன்னிரண்டு எம்.எம். கண்ணாடியைவிடப் பதப்படுத்திய எட்டு எம்.எம். எவ்வளவோ மேல்.

கீசர் தண்ணீரின் சூட்டுக்கு இது உடையும் என்று பயப்பட வேண்டாம். குளியலறையில் வருகிற சூடு இதற்கு ஒன்றுமே இல்லை. இதன் பலவீனம் விளிம்பில். நடுவில் ஓங்கிக் குத்தினால் தாங்குகிற கண்ணாடி, விளிம்பில் டைல்ஸ் தரையோ உலோகமோ இடித்தால் முழுக்க உதிர்ந்துவிடும். எனவே கீலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் அட்டை இருக்கிறதா, கண்ணாடியின் அடியில் நேராகத் தரை படாமல் பிளாஸ்டிக் துண்டு வைத்திருக்கிறார்களா என்று பொருத்தும்போதே பாருங்கள். அரிதாக, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடுத் துகள் காலப்போக்கில் பருத்து, யாரும் தொடாமலே கண்ணாடி உதிர்வதும் உண்டு. அதைக் குறைக்க, பதப்படுத்திய பிறகு கண்ணாடியை மறுபடியும் சூட்டில் வைத்துச் சோதிக்கிற 'ஹீட் சோக்' முறை இருக்கிறது. வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

பதப்படுத்தியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2553, பாகம் 1. அந்த எண்ணும், ஐ.எஸ்.ஐ. குறியும், பதப்படுத்திய நிறுவனத்தின் பெயரும் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை ஒன்றிய அரசு 2020-இல் பிறப்பித்தது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபேன் ஆலை 2000-லிருந்து கண்ணாடி வார்க்கிறது. சென்னையில் கடைக்காரர் அந்த ஸ்டிக்கரைக் காட்டி "கம்பெனிக் கண்ணாடி சார்" என்று சொல்லக்கூடும். ஆனால் தகட்டை வார்ப்பது ஒரு வேலை, அதை வெட்டித் துளையிட்டுப் பதப்படுத்துவது இன்னொரு வேலை. இரண்டாவதை வேறு பட்டறை செய்திருக்கலாம். ஸ்டிக்கர் முதல் வேலைக்குச் சாட்சி, முத்திரை இரண்டாவதற்குச் சாட்சி. நமக்கு வேண்டியது முத்திரை. கைவசம் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் சாய்வாக விழும்படி கண்ணாடியைப் பாருங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் பெரும்பாலும் மங்கலான திட்டுகளோ பட்டைகளோ தெரியும்.

பதப்படுத்திய கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. கை வைத்தால் உதிர்ந்துவிடும். அதனால் அளவு ஒரே முறைதான், அதுவும் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்துதான் ஃபிரேம் பற்றிய கேள்விக்கும் விடை வருகிறது.

பழைய கட்டடங்களில் சுவர் நேராக நிற்பது அரிது. டீச்சர் வீட்டில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். இடப்பக்கச் சுவர், 2 மீட்டர் உயரத்தில் 7 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் கண்ணாடிக் கதவு தூக்குக்குண்டுபோல நேராகத்தான் தொங்கும். கீழே சுவருக்கும் கதவுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், மேலே அது 11 ஆகிவிடும். கதவோரத்தில் செருகுகிற பி.வி.சி. சீல் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்கும். பதினொன்றை அடைக்காது.

அலுமினிய ஃபிரேம் இந்தச் சிக்கலை விழுங்கிவிடும். சுவரில் ஒரு சட்டம், அதற்குள் நுழைகிற இன்னொரு சட்டம் என்று இரட்டையாக வருவதால், சுவர் சாய்ந்திருந்தாலும் உள்சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம். கண்ணாடியின் விளிம்பு முழுக்கச் சட்டத்துக்குள் இருப்பதால் தண்ணீரையும் நன்றாகவே நிறுத்தும். ஃபிரேம் போட்டது பழைய மோஸ்தர், ஃபிரேம் இல்லாததுதான் உயர்தரம் என்ற எண்ணம் அழகைப் பற்றியது. தண்ணீரை நிறுத்துவதில் ஃபிரேமுக்குத்தான் முதலிடம்.

குறையும் இல்லாமல் இல்லை. நம் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் கடினமானது. சட்டத்தின் பள்ளத்தில் சோப்பும் உப்பும் சேர்ந்து வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும், தேய்க்கக் கை போகாது. அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஃபிரேம் இல்லாததில் துடைப்பது எளிது. ஆனால் எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே தீரும். குளித்து முடித்தால் வெளியே ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் இருப்பது அதன் இயல்பு. அதற்கே மனசு ஒப்பாது என்றால் ஃபிரேம் போட்டுக்கொள்வதுதான் சரி.

சுவரில் பார்க்க வேண்டிய இன்னொன்று, அது எதைத் தாங்கும் என்பது. டைல்ஸ் ஒரு 8 மில்லிமீட்டர், அதன் பின்னால் கலவையோ பசையோ ஒரு 10, அதற்கும் பின்னால் பூச்சு ஒரு 12. ஆக, செங்கல்லைத் தொடவே 30 மில்லிமீட்டர் போக வேண்டும். கீலோடு வரும் ஸ்க்ரூ நாற்பது மில்லிமீட்டர்தான் இருந்தால், செங்கல்லுக்குள் பத்துதான் போகும். பிடிப்பு முழுக்கப் பூச்சில்தான். கொஞ்ச நாளில் கதவு தொய்யும், மூலை தரையில் உரசும், உரசுகிற இடம் விளிம்பு. பிறகு நடப்பதை மேலே சொல்லிவிட்டேன். எழுபது மில்லிமீட்டர் ஸ்க்ரூ கேளுங்கள். பிளக் அடிக்கும் முன் துளைக்குள் சிலிக்கான் நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துளை வழியே சுவருக்குள் தண்ணீர் இறங்கும்.

டீச்சர் வீட்டில் இடப்பக்கம் ஒன்பது இஞ்ச் வெளிச்சுவர், வலப்பக்கம் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். தண்ணீர்க் குழாய்கள் ஓடுவதும் வலப்பக்கச் சுவரில்தான். கதவை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு வேறு யோசனையே வேண்டாம்: இடப்பக்கம். வலப்பக்கம் அசையாத கண்ணாடி, யூ சேனலுக்குள். அந்தச் சேனலுக்குச் சின்ன ஸ்க்ரூ போதும் என்றாலும் குழாய் இருக்கிற இடம் தெரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், டேப்பை அருகில் பிடித்துச் சுவரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இடச்சுவரின் 7 மில்லிமீட்டர் சாய்வை, டைல்ஸ் இன்னும் ஒட்டாததால், கொத்தனாரே பூச்சில் சரி செய்துவிடலாம். டைல்ஸ் முடிந்துவிட்ட வீடாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கு ஒரு அலுமினியச் சட்டம் கொடுத்து, கீலை அதில் மாட்டுவதுதான் வழி.

இனி தண்ணீர். டீச்சரின் முக்கியமான கவலையே இதுதான். டாய்லெட் பக்கத் தரை ஈரமாக இருந்தால் வழுக்கும். எழுபது வயதுக்கு மேல் அது சின்ன விஷயம் இல்லை.

ஷவரிலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கண்ணாடியில் தெறிப்பது கொஞ்சம்தான். மீதி அவ்வளவும் தரையில் ஓடுகிறது. கண்ணாடி நிறுத்துவது தெறிப்பை. ஓட்டத்தை நிறுத்துவது தரையின் சரிவும் விளிம்புக் கட்டையும்தான். பக்கெட்டில் பிடித்துச் சொம்பால் ஊற்றிக் குளிக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அப்போது தெறிப்பு இன்னும் குறைவு, ஓட்டம் இன்னும் அதிகம். ஒரு சொம்பு தண்ணீர் மொத்தமாகத் தரையில் விழுந்து அலையாகப் போய்க் கதவடியில் மோதும். அந்த இடத்தில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. அது அலையைத் தாங்காது.

எனவே முதலில் சரிவு. எண்பதுக்கு ஒன்று என்பது நல்ல அளவு. மூன்றடி இடத்துக்கு, அதாவது 900 மில்லிமீட்டருக்கு, 11 மில்லிமீட்டர் இறக்கம். இறக்கம் கதவிலிருந்து விலகி, கோடி மூலையில் உள்ள நஹானி ட்ராப்பை நோக்கி இருக்க வேண்டும். ட்ராப் கதவுக்கு அருகிலேயே இருந்தால் எல்லாத் தண்ணீரும் கதவைத் தேடி வரும். டைல்ஸ் ஒட்டியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு வாளி தண்ணீரைக் கதவு வருகிற இடத்தில் ஊற்றியும் பாருங்கள். திரும்பிப் பார்க்காமல் மூலைக்கு ஓட வேண்டும். எங்காவது தேங்கினால், கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

அடுத்தது கட்டை. குளிக்கிற இடத்துக்கும் வெளிக்கும் நடுவே கிரானைட்டில் ஒரு பட்டை. டீச்சர், "கால் தடுக்கும், கட்டையே வேண்டாம்" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். தலைமுடி அடைத்து ட்ராப் மூடிக்கொண்டால் நிமிடத்துக்கு 10 லிட்டரும் ஐந்தடிக்கு மூன்றடியில் தேங்கும். அது நிமிடத்துக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். கட்டை 20 மில்லிமீட்டர் இருந்தால், சரிவின் பள்ளமும் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் அவகாசம் கிடைக்கும். காலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் குழாயை மூட அது போதும். கட்டையே இல்லாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே 20 மில்லிமீட்டர், தரையின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிகிற கறுப்புக் கிரானைட், முனைகள் மழுங்கச் சாய்த்தது என்று முடிவு செய்தோம். கட்டையின் மேற்புறமும் ஓரிரு மில்லிமீட்டர் உட்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். இது பலரும் மறக்கிற விஷயம். சமமாக விட்டால், கண்ணாடியில் வழிகிற தண்ணீர் கட்டைமேல் நின்று, வசதியான பக்கம் இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அடியில் யூ சேனலைப் பொருத்தத் தரையில் துளையிட விடாதீர்கள். டைல்ஸுக்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இருக்கிறது. ஒரு துளை அதைக் கிழித்தால், தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் தலைகாட்டும். அதன் பிறகு பேச்சு அசோசியேஷன் கூட்டத்தில்தான். கண்ணாடியைக் கட்டையின்மேல் பிளாஸ்டிக் துண்டுகளில் உட்காரவைத்துச் சிலிக்கானால் ஒட்டினாலே போதும். எடை அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மேலே சுவர்ச் சேனலும் தண்டும் இருக்கின்றன.

சிலிக்கானிலும் இரண்டு வகை. திறந்தால் வினிகர்போலப் புளிப்பு வாடை அடிப்பது ஒன்று. அது உலோகத்தை அரிக்கும், கிரானைட், மார்பிளில் கறை விடும். நியூட்ரல் வகைதான் நமக்கு வேண்டும். அதில் பூஞ்சை பிடிக்காத சானிட்டரி வகையாகக் கேளுங்கள். ஈரத்தின்மேல் சிலிக்கான் ஒட்டாது. முதல்நாள் இரவே அந்தக் குளியலறையை உபயோகிக்காமல் மூடிவிட வேண்டும். போட்ட பிறகு ஒரு முழு நாள் தண்ணீர் படக்கூடாது. காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் சிலிக்கான் இறுகும். அந்த ஒரு விஷயத்தில் சென்னைக் காற்று நமக்கு உதவி.

எங்கே போடுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிரேம் வைத்த தடுப்பென்றால், ஃபிரேமும் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் போட வேண்டும். சட்டத்துக்குள் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் புகும். உள்பக்கம் திறந்திருந்தால் அது வந்த வழியே திரும்பிவிடும். 'இன்னும் பத்திரமாக இருக்கட்டும்' என்று உள்ளேயும் அடைத்துவிட்டால், புகுந்த தண்ணீர் உள்ளேயே சிறைப்பட்டு, வெளிச் சிலிக்கானில் எங்கே சிறு ஓட்டை கிடைக்கிறதோ அங்கே கசியும். இரண்டு பக்கமும் அடைத்த பிறகுதான் ஒழுகல் ஆரம்பித்தது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கதவின் அடியில் வருகிற சீலுக்கு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த நாக்கு இருக்கும். கதவில் வழிகிற தண்ணீரை உள்ளே தள்ளிவிடுவது அதன் வேலை. ஆகவே அது உள்பக்கம் பார்க்க வேண்டும். அவசரத்தில் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது சீலே தண்ணீரை வெளியே வழிநடத்தும். குனிந்து ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சீல்கள் உப்புத் தண்ணீரில் மஞ்சளாகி விறைத்துப்போகும். சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சாமான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கண்ணாடியின் தடிமனைச் சொல்லி வாங்க வேண்டும். எட்டுக்கு உள்ளது பத்துக்கு ஏறாது, பத்துக்கு உள்ளது எட்டில் நிற்காது.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? உள்ளே திறந்தால் கதவில் இருக்கிற தண்ணீர் உள்ளேயே சொட்டும். ஆனால் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் கதவைத் திறக்க முடியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் வெளியே திறப்பதுதான் முறை. இரண்டு பக்கமும் திறக்கிற கீலும் கிடைக்கிறது. அதற்குக் கதவு மோதி நிற்கிற பட்டை வைக்க முடியாது என்பதால் பக்கவாட்டுச் சீல் சற்றுப் பலவீனம். டீச்சருக்கு வெளியே திறப்பதையே சொன்னேன். கதவிலிருந்து சொட்டுகிற நாலு துளிக்காக அங்கே ஒரு மிதியடி போட்டுக்கொள்ளலாம். கூடவே, கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கக் கூடாது. அறுபது கிலோ ஆள் கைப்பிடியில் சாய்ந்தால் மேல்கீல் சுவரை இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். பிடித்துக்கொள்ளத் தனியாக ஸ்டீல் கைப்பிடி, செங்கல் சுவரில்.

ஷவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குழாய் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கதவைப் பார்த்து அடித்தால் எந்தச் சீலும் தாங்காது. டீச்சர் வீட்டில் அது வலச்சுவரில் இருந்து இடச்சுவரைப் பார்க்கிறது. கண்ணாடிமேல் நேராக அடிப்பதில்லை. பக்கவாட்டில் தெறிப்பதைப் பெரும்பாலும் அசையாத கண்ணாடியே வாங்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே போட்டு, ஒழுகிக்கொண்டிருக்கிறது என்கிறவர்களுக்கு ஒரு சோதனை. எல்லாவற்றையும் நன்றாகக் காயவிட்டு, கண்ணாடிக்கு வெளியே கட்டையோரமாகச் செய்தித்தாளைக் கிழித்து வரிசையாகப் போடுங்கள். முதலில் கண்ணாடியில் படாமல் உள்தரையில் மட்டும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். தாள் நனைந்தால் குற்றம் சரிவில், அல்லது கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சிலிக்கானில். நனையாவிட்டால், ஹெல்த் ஃபாஸெட்டால் அசையாத கண்ணாடியின் அடிப்பாகத்தை நனையுங்கள், பிறகு சுவரோரம், கடைசியாகக் கதவு. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டு இறங்கும், எது ஓட்டை என்று தெரியாது. எந்தக் கட்டத்தில் எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. இதைச் செய்யாமல் எல்லா இடத்திலும் சிலிக்கான் அப்புகிறவர்கள்தான் அதிகம்.

டீச்சர் கடைசியில் எழுதிக்கொண்ட பட்டியல் இது. எட்டு எம்.எம். டஃபன்டு, மூலையில் முத்திரையோடு. வலப்பக்கம் அசையாத கண்ணாடி, சுவரில் யூ சேனல், மேலே ஸ்டீல் தண்டு, தரையில் துளை இல்லை. இடப்பக்கம் ஃபிரேம் இல்லாத கதவு, இரண்டு கீல், எழுபது மில்லிமீட்டர் ஸ்க்ரூ, வெளியே திறப்பது. நியூட்ரல் சிலிக்கான். அளவெடுப்பது டைல்ஸ் முடிந்து, வாளித் தண்ணீர் சோதனையும் முடிந்த பிறகு. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளவு.

"பன்னிரண்டுன்னு சொன்னவருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

"தரையில சரிவு எவ்வளவு இருக்கணும்னு அவரைக் கேளுங்க டீச்சர். பதில் சொன்னாருன்னா, அவர்கிட்டயே எட்டு எம்.எம்.முக்கு விலை போடச் சொல்லுங்க."